3016ஆம் மரம் நடந்து வந்த கதை

மர்ளியாவோடு கலியாண வீட்டுக்குப் போவது பெரிய தொல்லை. எல்லோரும் ஒரே சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து பிஸ்மி சொல்லிக் கை வைக்கும்போது, அவள் மட்டும் இறைச்சித் துண்டை எண்ணிக்கொண்டிருப்பாள். "பதினொண்டு. ஆறு பேருக்குப் பதினொண்டு. ஆரோ ஒராளுக்கு ஒண்டுதான் கிடைக்கும்," என்று சொல்லிவிட்டு, அந்த ஒராளாகத் தானே ஆகிவிடுவாள். பஸ்ஸில் ஏறினால் தலை எண்ணுவாள். அவளுடைய புருஷன் ஹாசிம் பள்ளிவாசல்துறையில் தோணிக்குப் போகிறவர். அவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த முறைப்பாடு இது: "நான் தூங்கக்கொள்ள வாயத் திறந்தா, பல்லையும் எண்ணிப்போடுவா. இருபத்தொன்பதாம். எனக்கே தெரியா."

இந்த வியாதி எப்போது பிடித்தது என்று கேட்டால் சிரித்து மழுப்புவாள். கேட்காமல் இருந்தால் சொல்லுவாள். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் போகச் சொன்னபோது அவளுக்குப் பதினாலு வயது. தோணியில் ஏற்றும்போது உம்மா அவள் கையைப் பிடித்துச் சொன்னது ஒன்றே ஒன்று: "ஏழு பேரும் இருக்கா எண்டு பாத்துக்கொண்டே வா." தம்பி தங்கைகள் ஏழு. கற்பிட்டிக் கரை தெரியும்வரை அவள் ஒன்று முதல் ஏழு வரை எண்ணினாள். முடித்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. ஏழும் சரியாக வந்து இறங்கியது. அதற்குப் பிறகு எதையும் எண்ணாமல் விட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அப்படிப்பட்டவளுக்கு அல்லாஹ் பொருத்தமான வேலையைத்தான் கொடுத்தான். எத்தாளை ஊருக்கு இந்தப் பக்கம், உப்புத் தண்ணீர்க் களப்போரம் அறுபது ஏக்கர் தென்னந்தோட்டம் ஒன்று இருக்கிறது. கொழும்பில் இருக்கும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அங்கே பறிப்பு. நீள மூங்கில் தடியின் நுனியில் வளைந்த கத்தி கட்டி, தடிக்காரர்கள் நிலத்தில் நின்றபடியே குலையை அறுத்து விழுத்துவார்கள். பெண்கள் பொறுக்கிக் கும்பி கும்பியாகக் குவிப்பார்கள். அந்தக் கும்பியை எண்ணுகிறவள் மர்ளியா.

எண்ணுவது என்றால் ஸ்கூல் எண்ணிக்கை இல்லை. கைக்கு ஒன்றாக இரண்டு காய் தூக்கி அடுத்த பக்கம் எறிய வேண்டும். ஐம்பது எறிந்தால் நூறு. எறிகிறவர்கள் இரண்டு பெண்கள், பக்கத்தில் நின்று வாயால் சொல்லுகிறவள் இவள். முதலாவது எறிக்கு "ஒண்டு" என்று சொல்லக்கூடாது. "பரக்கத்" என்று சொல்ல வேண்டும், பெருகட்டும் என்று. அடுத்தது "ரெண்டு". நூறு ஆனதும் அவள் இடுப்பில் செருகியிருக்கும் ஈர்க்குக் கட்டிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி மணலில் குத்துவாள். கும்பி முடிந்தால் மணலில் நிற்கும் ஈர்க்கை எண்ணிக் கொப்பியில் எழுதுவாள். பிறகு அந்த ஈர்க்கைக் கயிற்றால் கட்டி, எந்தப் பறிப்பு, எந்த மாதம் என்று ஒரு மட்டைத் துண்டில் எழுதி ஸ்டோர்ச் சுவரில் தொங்கவிடுவாள். கொப்பியை யாரும் அழித்து எழுதலாம். ஈர்க்கை அழித்து எழுதிய மனுசன் இன்னும் பிறக்கவில்லை.

இந்த ஈர்க்குப் பழக்கம் அவள் கண்டுபிடித்ததல்ல. அவளுக்கு முன் எண்ணியவர் லத்தீப் காக்கா, எல்லோருக்கும் அண்ணன் முறை. அவரும் மன்னாரிலிருந்து வந்தவர்தான். பத்து வருஷத்துக்கு முன் ஒரு பறிப்பில் ஒன்பதாயிரம் காய் குறைகிறது என்று சொல்லி, அவரைக் கள்ளன் ஆக்கி அனுப்பிவிட்டார்கள். பதிவுப் புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தது: "9,000 காய் குறைவு. பொறுப்பு: லத்தீப்." அவர் இப்போது தில்லையடியில் சைக்கிள் டயர் ஒட்டுகிறார். கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. பலகை எதற்கு? பொடியன்கள் போகும்போதும் வரும்போதும் "தேங்காய்க் காக்கா" என்று கூப்பிட்டே இடத்தைக் காட்டிக் கொடுக்கிறார்கள்.

அவர் கடைசியாகக் கட்டிய ஈர்க்குக் கட்டு இன்னும் ஸ்டோர்ச் சுவரில் தொங்கியது. மர்ளியா தூசு தட்டுவாள். எடுக்கமாட்டாள்.

*

மார்ச் மாதக் கடைசி. தோட்டத்து மனேஜர் நௌஃபர், மர்ளியாவை ஒபீசுக்குக் கூப்பிட்டார். முப்பத்தெட்டு வயது, மடிப்புக் கலையாத சேர்ட், மேசையில் மூன்று போன். மூன்றும் ஒரே நேரம் அடித்தாலும் ஒன்றையும் எடுக்கமாட்டார்.

"ராத்தா, இரிங்க. வருஷக் கணக்கு முடியிது. மரத்துல நிக்கிற காயையும் கணக்குல காட்டணும். ஓடிட்டர் வாறாங்க. இதுல ஒரு கையெழுத்து."

மரத்தில் நிற்கிற காயும் கம்பெனியின் சொத்துதான். வருஷக் கடைசியில், இன்னும் பறிக்காமல் மேலே நிற்கிற காய் எவ்வளவு என்று மதிப்பிட்டு எழுத வேண்டும். ஏறி எண்ண முடியாது, மரம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அதனால் சில மரங்களை மட்டும் பார்த்து, மரத்துக்குச் சராசரி எத்தனை என்று எடுத்து, மொத்த மரத்தால் பெருக்குவார்கள். வருஷா வருஷம் மர்ளியாதான் நடந்து பார்த்து எழுதிக் கொடுப்பாள். இந்த வருஷமும் நடந்தாள். கொடுத்தாள். முப்பத்தாறாயிரத்துச் சொச்சம்.

அவர் நீட்டிய தாளில் இருந்தது அறுபத்தொன்பதாயிரத்து நூற்றிருபது.

மர்ளியா தாளைத் திருப்பிப் பார்த்தாள். மறுபக்கத்தில் ஒன்றும் இல்லை.

"மிச்சம் முப்பத்திரெண்டாயிரம் காய் எங்க சேர்? உங்கட வளவுலயா காய்க்கிது?"

"ராத்தா, பகிடி வுடாதீங்க. மரத்துக்குப் பதினெட்டுக் காய். மூவாயிரத்தெண்ணூத்தி நாப்பது மரம். பெருக்கிப் பாருங்க."

"பெருக்கினா சரிதான். மரம்தான் பிழை. புத்தகத்துல மூவாயிரத்தெண்ணூத்தி நாப்பது. அது ஏக்கருக்கு அறுவத்திநாலு எண்டு நட்ட நாளையில இருந்த கணக்கு. இப்ப காய்க்கிறது மூவாயிரத்து முன்னூத்திப் பத்து. மத்ததெல்லாம் செத்து மௌத்தாப் பெய்த்து. களப்புப் பக்கம் வெள்ளை ஈ விழுந்து ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி. அதுல எங்கால பதினெட்டு? பதினொண்டு வந்தாலே அல்லாஹ்வுக்குச் சுக்ரு செய்யணும்."

நௌஃபர் கதிரையில் சாய்ந்தார். வங்கிக் கடன், முதலாளிக்குக் கொடுத்த வாக்கு, போன வருஷத்தைவிடக் கூடக் காட்ட வேண்டிய கட்டாயம் எல்லாவற்றையும் தேன் தடவிச் சொன்னார். கடைசியில் தேன் தீர்ந்துபோய்ச் சொன்னார்: "தாளுலதானே ராத்தா. மரத்துல ஆரு ஏறிப் பாக்கப் போற?"

"தாளுல இருக்கிற காய் மே மாசம் நிலத்துல விழணுமே சேர். விழாட்டி எண்ணினவளத்தானே கேப்பீங்க? லத்தீப் காக்காட்ட கேட்ட மாதிரி?"

நௌஃபர் போன் ஒன்றை எடுத்து, அடிக்காத போனுக்கு "ஹலோ" என்றார்.

"கையெழுத்து வைக்கல்லையெண்டா," என்றார் பிறகு, "ஸ்டோர்த் துறப்ப மேசையில வெச்சிட்டுப் போங்க."

மர்ளியா மடியில் கட்டியிருந்த திறப்பை, ஸ்டோர்ச் சாவியை, பிடித்துப் பார்த்தாள். அங்கேதான் இருந்தது. மேசையில் வைக்கவில்லை. வெளியே வந்தாள். ஸ்டோர்வரை எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டே நடந்தாள்.

*

ஓடிட் செய்ய வந்தவள் டயனா. சிலாபத்துப் பிள்ளை, இருபத்தாறு வயது இருக்கும். முதுகில் லப்டொப் பை, காலில் வெள்ளைச் சப்பாத்து. சப்பாத்து வெள்ளையாக இருந்தது வான் வண்டியிலிருந்து இறங்கிய முதல் ஐந்து நிமிஷம் மட்டும். நௌஃபர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். தோட்டத்து நாய் வாலாட்டியது. அந்த நாய் யாருக்கும் ஆட்டும்.

மர்ளியாவை ஸ்டோரைவிட்டு வெளியே வரக் கூடாது என்று நௌஃபர் சொல்லியிருந்தார். அவளும் வரவில்லை. ஸ்டோர் வாசலில் நின்றாள். வாசல் வெளியா உள்ளேயா என்பது வேறு வழக்கு.

பங்களாக் கிணற்றடியில் மதிப்பீடு தொடங்கியது. டயனா தாளைப் பார்த்து மர நம்பரைப் படிப்பாள். நௌஃபர் கையைக் காட்டுவார். தடிக்காரர் இன்னாசிப்பிள்ளை தடியால் ஓலையை விலக்கிப் பிடிப்பார். டயனா அண்ணாந்து எண்ணி எழுதுவாள். எல்லாக் குலையையும் எண்ணத் தேவையில்லை. தென்னை மாதத்துக்கு ஒரு பாளை விடும். பறிப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அதனால் அடியில் முற்றி நிற்கிற இரண்டு குலைதான் அடுத்த பறிப்பில் விழும். இது டயனாவுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. படித்த பிள்ளை.

"2244."

"இந்தா மிஸ்."

"பத்தொன்பது. அடுத்தது 611."

"பக்கத்துலயே இரிக்கி மிஸ்."

"பதினேழு. 3016."

"இந்தா."

"இருபத்திரெண்டு! நல்ல மரம்."

மர்ளியா வாசலில் இருந்து இறங்கினாள். அது இப்போது நிச்சயமாக வெளியேதான்.

அவள் அந்த மரத்தடிக்குப் போய் நின்று, அண்ணாந்து பார்த்து, குனிந்து அடியைப் பார்த்தாள். தண்டில் வெள்ளைப் பெயின்டில் 3016 என்று அழகாக எழுதியிருந்தது. விரலால் தொட்டாள். விரலில் ஒட்டியது.

"மரமே," என்றாள் சத்தமாக. "எப்ப வந்த? களப்படியில இருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்திரிக்கிறியே, கால் நோகல்லையா?"

டயனா திரும்பினாள். "ஆர் இவங்க?"

"ஸ்டோர்ல எண்ணுற பொம்புள. சுகமில்ல," என்றார் நௌஃபர். "ராத்தா, உள்ளுக்குப் போங்க."

"சுகமெல்லாம் நல்லாத்தான் இரிக்கி. மிஸ், என்ட பேர் மர்ளியா. இந்தத் தோட்டத்துக் காய பத்து வருஷமா எண்ணுறது நான். இந்த நம்பர் தாள் உங்களுக்கு எப்படிக் கெடச்ச?"

"நாங்கதான் எடுத்தம். மரப் பதிவுல இருந்து கொம்பியூட்டர் தானாத் தெரிவு செஞ்ச நாப்பது மரம். ஆருக்கும் பிடிச்ச மரத்த எடுக்க ஏலா."

"சரி. அந்தத் தாள முன்னாலயே இவருக்கு அனுப்பினீங்களா?"

டயனா தாளைக் கீழே இறக்கினாள். "பத்து நாளைக்கு முந்தி ஈமெயில்ல அனுப்பினம். தடிக்காரர் தயாரா நிக்கணும் எண்டு…" வசனத்தை முடிக்கவில்லை. படித்த பிள்ளைதானே, முடிக்காமலே விளங்கிவிட்டது.

"நாப்பது நம்பரும் எப்படி மிஸ் கிணத்தச் சுத்தியே நிக்கிது?" என்றாள் மர்ளியா. "கிணத்துத் தண்ணியும் மாட்டெருவும் விழுற மரம் இது. இதுல இருபது காயும் காய்க்கும், இருபத்தஞ்சும் காய்க்கும். தோட்டம் இதில்ல. வாங்க, 3016 எங்க பிறந்து எங்க வளந்த எண்டு காட்டுறன்."

"ராத்தா!" நௌஃபரின் குரல் உயர்ந்தது. "இப்பவே வேலைய விட்டு நிப்பாட்டிருவன்!"

"நிப்பாட்டுங்க. நிப்பாட்டினா நான் வேலைக்காரி இல்ல. பள்ளிவாசலுக்குப் போற பாதையில நடக்கிற ஒரு முஸ்லிமான பொம்புள. பாதை எல்லாருக்கும் பொது. வாங்க மிஸ்."

டயனா நௌஃபரைப் பார்க்கவில்லை. மர்ளியாவுக்குப் பின்னால் நடந்தாள். இன்னாசிப்பிள்ளை தடியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நாயும் நடந்தது. கடைசியில் நௌஃபரும் நடந்தார். தனியாக நிற்பது இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

களப்புக் காற்று அடிக்கும் கடைசி வரிசை. ஓலைகளின் மேல் கரி. நிலத்தில் பிஞ்சிலே உதிர்ந்த குரும்பை. மர்ளியா ஒரு மரத்தைக் காட்டினாள். நம்பர் மங்கி இருந்தாலும் தெரிந்தது: 3015. இரண்டு மரம் தள்ளி இன்னொன்று: 3017. இரண்டுக்கும் நடுவில் நின்றதை மரம் என்று சொல்ல மனம் வராது. மண்டை முறிந்து விழுந்த மொட்டைத் தண்டு. நம்பர் இருந்த இடம் கத்தியால் சுரண்டப்பட்டு, சுரண்டிய இடம் இன்னும் புதிதாக வெளுத்திருந்தது. உச்சியில் ஒரு பொந்து. பொந்திலிருந்து மைனா ஒன்று தலையை நீட்டி நால்வரையும் பார்த்து, கடன் கேட்க வந்தவர்களைப் பார்த்ததுபோல உள்ளே போய்விட்டது.

"இதான் மிஸ் 3016. இருபத்திரெண்டுக் காய் எண்டு எழுதினீங்களே. மைனாக் குஞ்சையும் சேத்தாத்தான் ரெண்டு மூணு வரும்."

டயனா போனில் படம் எடுத்தாள். 3015ஐ எடுத்தாள், மொட்டையை எடுத்தாள், 3017ஐ எடுத்தாள். பிறகு இன்னாசிப்பிள்ளையின் காலைப் பார்த்தாள். பெருவிரல் நகத்தில் வெள்ளைப் பெயின்ட்.

இன்னாசிப்பிள்ளை காலை மணலுக்குள் புதைத்தார். அறுபது வயதுக் கால். புதைத்தும் பயனில்லை என்று கண்டு வெளியே எடுத்தார்.

"சேர் சொன்னார் நம்பர் மங்கிப்போச்சு, புதுசா எழுது எண்டு. ஒரு மரத்து நம்பரை இன்னொரு மரத்தில எழுதச் சொல்லேக்கையே எனக்கு விளங்கினதுதான் மகள். மரத்துக்கு ஞானஸ்நானம் குடுத்த மாதிரிப் பேரை மாத்திப்போட்டன். மாதா மன்னிக்கட்டும்." பிறகு மர்ளியாவிடம்: "உனக்குச் சொல்ல நினைச்சனான் தங்கச்சி. நாக்கு எழும்பேல்ல."

"பரவாயில்ல அண்ணன். நாக்கு எழும்பாட்டியும் நகம் சொல்லிப்போட்டுதே."

*

டயனா மரத்தடியில் குந்தி, வெள்ளையாக இருந்த சப்பாத்திலிருந்து மணலைக் கொட்டினாள். "பிழை என்னோடதும்தான்," என்றாள். "நம்பரை முன்னால அனுப்பியிருக்கக் கூடா. அக்கா, இனி என்ன செய்யலாம்?"

"நீங்க சொல்லுங்க மிஸ். படிச்சது நீங்க."

"இப்பவே புது நாப்பது நம்பர் எடுப்பம். என்ட போன்ல. ஒண்டொண்டாத்தான் சொல்லுவன். போய்ச் சேந்த பிறகுதான் அடுத்த நம்பர்."

"அப்ப நடை கூடிரும் மிஸ்."

"நடப்பம்."

நௌஃபர் கடைசியாக ஒரு பூட்டுப் போட்டுப் பார்த்தார். "செத்த மரத்து நம்பர் வந்தா, பக்கத்து மரத்த எடுக்கணும். காய்க்காத மரத்த எண்ணி என்ன பிரயோசனம்?"

மர்ளியா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். டயனா முந்திவிட்டாள். "இல்ல சேர். புத்தகத்தில இருக்கிற மூவாயிரத்தெண்ணூத்தி நாப்பதாலதானே பெருக்கப் போறம்? அப்ப செத்த மரம் வந்தா சைபர் எண்டுதான் எழுதணும். பக்கத்து மரத்த எடுத்தா செத்த மரமெல்லாம் உசிரோட எழும்பிரும்."

மர்ளியா அந்தப் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தாள். மகள் வயதுதான். தலைமுடி முழுக்க மணல். வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்றாலும், அந்த நிமிஷம் அவளுக்கு ஒரு சீப்பு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று மர்ளியாவுக்குத் தோன்றியது.

நடந்தார்கள். கிழக்கு மூலை, பிறகு மேற்கு மூலை, பிறகு மறுபடி கிழக்கு. போனுக்கு இரக்கம் இல்லை. மதிய லுஹருக்குப் பாங்கு சொன்னபோது பதினாறு மரம் முடிந்திருந்தது. மர்ளியா களப்போரப் பைப்பில் கை கால் கழுவி ஒழுச் செய்து ஒரு ஓலையை விரித்துத் தொழுதாள். டயனா தள்ளி நின்று காத்திருந்தாள். நௌஃபரும் முன்னால் தள்ளி ஓலை போட்டுத் தொழுதார். அவர் என்ன துஆக் கேட்டார் என்று தெரியவில்லை. அந்தத் துஆவை அன்றைக்கு அல்லாஹ் கபூல் செய்யவில்லை.

ஒவ்வொரு மரத்திலும் இன்னாசிப்பிள்ளை ஓலையை விலக்க, டயனா ஒரு பக்கமும் மர்ளியா மறுபக்கமும் நின்று எண்ணினார்கள். எண்ணி முடிக்கும்வரை ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது என்பது டயனா போட்ட சட்டம். முப்பத்தொரு மரத்தில் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கை. மூன்றில் ஒரு காய் வித்தியாசம். சுற்றி வந்து மறுபடி எண்ண அதுவும் சரியானது. மிச்சம் ஆறு நம்பரில் மரமே இல்லை. அடிக்கட்டை, அல்லது மொட்டை, அல்லது வெறும் குழி. ஆறு சைபர்.

மாலை அசருக்குக் கொஞ்சம் முன் நாற்பதும் முடிந்தது. டயனா கூட்டினாள். முந்நூற்றுத் தொண்ணூற்றொரு காய். நாற்பதால் பிரித்து, மூவாயிரத்தெண்ணூற்று நாற்பதால் பெருக்கினாள்.

"முப்பத்தேழாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு. அக்காட கணக்கு?"

"முப்பத்தாறாயிரத்து நாநூத்திப் பத்து."

"கிட்டத்தான்."

"உங்கட கணக்கும் கொஞ்சம் கூடத்தான் மிஸ். பறிக்கிறதுக்குள்ள உதிரும். அணிலுக்குப் பங்கு குடுக்கணும். ஆனா நீங்க எண்ணின விதத்துக்கு அது சரி."

"நாப்பது மரத்த வெச்சு மட்டும் நான் முடிவு எழுத ஏலா," என்றாள் டயனா. "போன வருஷங்கள்ல இதே பறிப்புக்கு எவ்வளவு விழுந்த எண்டு பாக்கணும். கொப்பி ஒபீஸ்ல இருக்கா?"

"கொப்பி ஒபீஸ்ல. ஈர்க்கு ஸ்டோர்ல," என்றாள் மர்ளியா. மடியிலிருந்து திறப்பை எடுத்தாள்.

*

ஸ்டோர்ச் சுவரில் பத்து வருஷத்துப் பறிப்பும் தொங்கியது. டயனா ஒரு கட்டை அவிழ்த்து எண்ணி, கொப்பியோடும், காய் வாங்கிய லொறிக்காரர் கொடுத்த துண்டுச் சீட்டோடும் பார்த்தாள். மூன்றும் ஒன்று. இன்னொரு கட்டு. ஒன்று. போன வருஷம் இதே பறிப்பு முன்னூற்று எண்பத்திரண்டு ஈர்க்கு, முப்பத்தெட்டாயிரத்து இருநூறு காய். எந்த வருஷமும் இந்தப் பறிப்பு நாற்பத்தையாயிரத்தைத் தாண்டவில்லை.

கடைசியில் ஓரத்தில் கறுத்துப்போன ஒரு கட்டு. "இது?"

"லத்தீப் காக்கா கட்டினது." மர்ளியா கட்டின் தூசைத் தட்டினாள். "ஒன்பதாயிரம் களவெடுத்தார் எண்டு அனுப்பினாங்களே, அந்தப் பறிப்பு."

டயனா அதையும் எண்ணினாள். பழைய லொறித் துண்டுகளை ஒபீஸிலிருந்து எடுப்பித்தாள். கொடுக்கும்போது நௌஃபர் தாளின் மறுமுனையை இரண்டு விநாடி விடாமல் பிடித்திருந்தார். பிறகு விட்டார்.

விழுந்து எண்ணிய காய் நானூற்றுப் பதினொரு ஈர்க்கு. லொறியில் ஏறிய காய் நாற்பத்தோராயிரத்து நூறு. ஒரு காய் கூடக் குறையவில்லை.

"அப்ப ஒன்பதாயிரம் எங்கால குறைஞ்ச?" என்றாள் டயனா தனக்குத்தானே. அந்த வருஷத்து மதிப்பீட்டுத் தாளைத் தேடி எடுத்தாள். மரத்துக்குப் பதின்மூன்று. பெருக்கியது மூவாயிரத்தெண்ணூற்று நாற்பதால், ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைய. எண்ணிய மரமெல்லாம் கிணற்றடி.

"காய் குறையல்ல அக்கா. மதிப்பீடுதான் கூடிப்போச்சு. அவர் களவெடுத்தது மரத்திலேயே இல்லாத காயை."

மர்ளியா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து வருஷமாக அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் தெரிந்ததை இன்னொரு வாய் சொல்லும்போது காது வேறுமாதிரிக் கேட்கிறது.

*

ஓடிட் தாளில் அறுபத்தொன்பதாயிரம் ஏறவில்லை. முதலாளி கொழும்பிலிருந்து நௌஃபரோடு நீண்ட நேரம் போனில் கதைத்தார். நௌஃபர் இந்தமுறை போனை எடுத்தே ஆகவேண்டியிருந்தது. ஆனாலும் நாற்காலி அவருடையதாகவே இருந்தது. அவர் முதலாளியின் மனைவி வழியில் சொந்தம். அந்த மரத்துக்கு நம்பர் மாற்ற முடியாது.

மர்ளியாவிடமிருந்து அவர் திறப்பை வாங்கினார். "நாளையில இருந்து ஓலை பொறுக்குங்க ராத்தா. எண்ணுறதுக்கு வேற ஆள் போட்டிருக்கன்." அவள் ஓலை பொறுக்கினாள். எத்தனை ஓலை என்று மட்டும் ஹாசிமிடம் வீட்டில் வந்து சொன்னாள்.

மே மாதப் பறிப்பு வந்தது. விடிந்து வெயில் ஏறியதும் நான்கு தடிக்காரரும் வந்தார்கள். முதல் வரிசைக்குப் போனார்கள். போய்த் தடியை மணலில் படுக்கவைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார்கள்.

நௌஃபர் மோட்டர் சைக்கிளில் வந்தார். "என்ன இது? பறிக்கல்லையா?"

"பறிப்பம் சேர்," என்றார் இன்னாசிப்பிள்ளை, நகத்தைச் சுரண்டிக்கொண்டு. பெயின்ட் எப்போதோ போய்விட்டது, பழக்கம் போகவில்லை. "எண்ண ஆள் வரட்டும்."

"ஆள்தான் நிக்கிறானே!" கும்பி குவிக்கிற இடத்தில் கொப்பியோடு ஒருவன் நின்றான். நௌஃபரின் மச்சான் முறை.

"அவர் நிக்கிறார். எங்களுக்குக் காய்க்கு இவ்வளவு எண்டுதான் கூலி. எண்ணிக்கை பிழைச்சா எங்கட வயிறும் பிழைக்கும். மர்ளியா நிண்டாத்தான் தடி எழும்பும்."

பொறுக்கும் பெண்களும் உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் ஏறியது. லொறிக்காரன் இரண்டு தடவை ஹோன் அடித்தான். நௌஃபர் மூன்று போனையும் பார்த்தார். ஒன்றும் உதவாது என்று கண்டு, ஓலை பொறுக்கும் இடத்துக்குத் தானே நடந்து போனார்.

"ராத்தா. வாங்க. எண்ணுங்க."

மர்ளியா கையிலிருந்த ஓலையைக் கீழே போட்டாள். "எண்ணுறன். அதுக்கு முந்தி பதிவுப் புத்தகத்தக் கொண்டுவாங்க சேர். பத்து வருஷத்துக்கு முந்தினது."

"அது எதுக்கு இப்ப?"

"சிவப்பு மையால ஒரு வரி எழுதியிருக்கு. அதுக்குக் கீழ நீங்க ஒரு வரி எழுதணும்."

"அது நான் வர முந்தி எழுதினது! நான் ஏன் எழுதணும்?"

"நீங்க எழுதப் பாத்ததும் அதே வரிதானே. பேர் மட்டும்தான் வேற."

லொறிக்காரன் மூன்றாவது தடவை ஹோன் அடித்தான். புத்தகம் வந்தது. மோட்டர் சைக்கிள் சீட்டில் வைத்து, வியர்வை சொட்டச் சொட்ட நௌஃபர் எழுதினார். மர்ளியா வாய்விட்டு வாசிக்கச் சொன்னாள். இன்னாசிப்பிள்ளைக்கு நம்பர்தான் தெரியும், எழுத்துத் தெரியாது, அதுதான் காரணமாம்.

"காய் குறையவில்லை. மதிப்பீடு பிழை. லத்தீப் குற்றமற்றவர்." நௌஃபர் மூச்சு விட்டார். "போதுமா?"

"கையெழுத்து சேர். கையெழுத்தில்லாத தாள் என்னத்துக்கு ஆகும் எண்டு உங்களுக்குத் தெரியாததா?"

கையெழுத்தும் விழுந்தது. மர்ளியா போனில் படம் எடுத்துத் தில்லையடிக்கு அனுப்பினாள். பிறகு ஈர்க்குக் கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு கும்பி குவிக்கிற இடத்துக்குப் போனாள். தடிகள் எழும்பின. முதல் குலை மணலில் தொம்மென்று விழுந்தது. பெண்கள் பொறுக்கிக் குவித்தார்கள். இரண்டு காய் பறந்து அடுத்த பக்கம் விழுந்தது.

"பரக்கத்," என்றாள் மர்ளியா.

நாலாவது ஈர்க்கைக் குத்தும்போது போன் முனகியது. லத்தீப் காக்காவின் குரல் தகவல். பின்னால் காற்றடிக்கும் பம்பின் சத்தம், பொடியன்களின் சத்தம். அவர் நன்றி சொல்லவில்லை. அழவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்:

"இண்டைக்கு எத்தினை ஈர்க்கு, புள்ள?"

மர்ளியா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மே மாதம், வியர்க்கத்தான் செய்யும். போனை வாயருகே பிடித்து, கும்பியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"இன்னும் முடியல்ல காக்கா. எண்ணிட்டுச் சொல்றன்."